பல்லவிக்கு ஏன் திரும்புகிறோம்?

அபர்டீன் பஜாரிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்து பிள்ளைகளைப் பாட்டுக்கும் பரதத்துக்கும் அனுப்பிவைக்கும் பெற்றோர் அனைவருக்கும்,

மணிக்கூண்டுக்குப் பின்னாலுள்ள சந்தின் மாடியறையில் உங்கள் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பவள் எழுதுகிறேன். வகுப்பு முடிந்து நீங்கள் கூட்டிப் போக வரும் ஐந்து நிமிடத்தில் பேசித் தீராத ஒரு விஷயம் இருக்கிறது. ஒருவரிடம் சொன்னால் மற்றவருக்குப் போய்ச் சேருவதில்லை. அதனால் எல்லோருக்கும் பொதுவாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

சென்ற மாதம் நம் பிள்ளைகள் மூன்று பேர் ஒரு போட்டிக்குப் போனார்கள். விண்ணப்பத்தில் ‘ஒரு கிருதி பாட வேண்டும்’ என்று இருந்தது. அதில் ஒருத்தி தனக்கு நன்றாக வரும் என்று தில்லானா ஒன்றைப் பாடினாள். சுருதி விலகவில்லை, தாளம் பிசகவில்லை. ஆனாலும் நடுவர், “இது கிருதி இல்லையே அம்மா” என்று சொல்லி மதிப்பெண் போடாமல் விட்டுவிட்டார். குழந்தை அழுதுகொண்டே வந்தாள். அவளுடைய அம்மா மறுநாள் என்னிடம் கேட்டார்: “டீச்சர், இதுலயும் பல்லவி, அனுபல்லவி, சரணம்னுதான் நோட்டுல எழுதிக் குடுத்தீங்க. அதுலயும் அப்படித்தான் இருக்கு. அப்புறம் இது மட்டும் எப்படி கிருதி இல்லாமப் போகும்?”

நியாயமான கேள்வி. நோட்டில் மூன்று தலைப்புகளை எழுதிப் போட்ட நான், அந்தத் தலைப்புகள் இரண்டு இடத்திலும் வேறு வேறு வேலை செய்கின்றன என்பதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தக் குறை என்னுடையது. இந்த மடலில் அதைச் சரி செய்யப் பார்க்கிறேன்.

முதலில் அந்த மூன்று சொற்கள். தமிழிசை நூல்களில் பல்லவியை எடுப்பு என்றும், அனுபல்லவியைத் தொடுப்பு என்றும், சரணத்தை முடிப்பு என்றும் சொல்வார்கள். பாட்டை எடுத்துக் கொடுப்பது, எடுத்ததைத் தொடர்ந்து தொடுப்பது, தொடுத்ததை முடிப்பது. இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. இந்த மூன்றுறுப்பு அமைப்பு திருவாரூரில் பிறந்த மும்மூர்த்திகளோடு தொடங்கியதும் அல்ல. அவர்களுக்கு முன்பே சீர்காழி மூவர் என்று நாம் சொல்லும் முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை ஆகியோர் தமிழில் இப்படிப் பாடி வைத்திருக்கிறார்கள். இராம நாடகக் கீர்த்தனை இயற்றிய அருணாசலக் கவிராயர் மறைந்தது 1779-இல். அப்போது தியாகராஜருக்கு 12 வயதுதான்.

இனி, உங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கிருதியையே எடுத்துக்கொள்வோம். ஹம்ஸத்வனி ராகம், ஆதி தாளம், முத்துசுவாமி தீட்சிதர் இயற்றியது: வாதாபி கணபதியைப் பற்றிய பாட்டு. நம் வகுப்பில் கீதம், வர்ணம் தாண்டி வருகிறவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுக்கிறேன். அந்த ராகத்தையே உருவாக்கியவர் தீட்சிதரின் தகப்பனார் ராமசுவாமி தீட்சிதர். அப்பா கட்டிய வீட்டில் பிள்ளை விளக்கேற்றியதுபோல என்று எனக்குத் தோன்றும்.

இந்தப் பாட்டின் பல்லவியில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று, யாரை: வாதாபி கணபதியை, யானைமுகனை, வரம் தருபவனை. இன்னொன்று, என்ன செய்கிறேன்: வழிபடுகிறேன். சொற்றொடர் அங்கேயே முழுமையாகிவிடுகிறது. இப்போது அனுபல்லவிக்கு வாருங்கள். பூதகணங்கள் பணியும் பாதம் உடையவனை, உலகத்தைத் தாங்குபவனை, பற்றற்றவனை, தடைகளை நீக்குபவனை என்று அடுக்கிக்கொண்டே போகிறது. சரணமும் அப்படித்தான். முன்னொரு காலத்தில் அகத்தியர் வழிபட்டவனை, முக்கோணத்தின் நடுவில் இருப்பவனை, மூலாதாரத்தில் உறைபவனை, நெற்றியில் பிறை சூடியவனை, இடக்கையில் கரும்பு ஏந்தியவனை. எல்லாம் ‘ஐ’ உருபு ஏற்ற சொற்கள், நாம் பள்ளியில் படித்த இரண்டாம் வேற்றுமை. வினைமுற்று மட்டும் எங்கேயும் இல்லை. அனுபல்லவி முழுவதும் தேடினாலும் இல்லை, சரணம் முழுவதும் தேடினாலும் இல்லை. பாட்டு முழுவதற்கும் ஒரே வினைமுற்றுதான். அது பல்லவியில் இருக்கிறது.

அனுபல்லவி பாடி முடித்ததும் பல்லவிக்குத் திரும்புகிறோம், சரணம் பாடி முடித்ததும் பல்லவிக்குத் திரும்புகிறோம் என்பது வெறும் பழக்கம் இல்லை என்று இப்போது புரியும். திரும்பாவிட்டால் பொருள் முடிவதில்லை. ‘கரும்பு ஏந்தியவனை...’ என்று நிறுத்திவிட்டு ஒரு குழந்தை மேடையிலிருந்து இறங்கிவிட்டால், அது சொல்ல வந்ததைச் சொல்லாமலே இறங்கிவிட்டது. பாட்டை எழுதும்போதே, திரும்பி வருவதற்கான கதவைப் பல்லவியில் திறந்து வைத்திருக்கிறார் தீட்சிதர். எல்லாக் கிருதிகளிலும் இலக்கணம் இவ்வளவு கறாராக இருக்காது. தியாகராஜரின் பல கிருதிகளில் பல்லவி ஒரு கேள்வியாக இருக்கும்; அனுபல்லவி அந்தக் கேள்வி ஏன் எழுந்தது என்று சொல்லும்; சரணம் ஒரு கதையையோ உவமையையோ கொண்டுவந்து வைக்கும்; மறுபடி பல்லவிக்கு வரும்போது அதே கேள்வி முன்னைவிடக் கனமாகக் கேட்கும். வழி வேறாக இருந்தாலும், பொருள்தான் பாட்டைப் பல்லவிக்குத் திருப்பி இழுக்கிறது.

ராகமும் இந்த மூன்று அறைகளுக்குள் ஒழுங்காக நடந்து வரும். பல்லவி பெரும்பாலும் மத்திய ஸ்தாயியில் ராகத்தின் முகத்தைக் காட்டும். அனுபல்லவி மேல் ஷட்ஜம் நோக்கி ஏறும், அதைத் தாண்டியும் போகும். சரணம் மறுபடி கீழே இறங்கி நிதானமாகத் தொடங்கும். பல கிருதிகளில் அதன் பின்பாதி அனுபல்லவியின் மெட்டையே வேறு சொற்களோடு திரும்பப் பாடும். அனுபல்லவி நன்றாக வந்த பிள்ளைக்குச் சரணத்தின் பாதி ஏற்கெனவே வந்துவிட்டது என்று நான் அடிக்கடி சொல்வது இதனால்தான். தீட்சிதர் கிருதிகளில் முடிவில் இன்னொன்றும் இருக்கும். நாம் எடுத்துக்கொண்ட பாட்டிலும் உண்டு: சரணத்தின் கடைசி வரிகள் இரட்டிப்பு வேகத்தில் ஓடும். மத்யமகால சாகித்யம் என்பார்கள். தாளம் அதே தாளம், கை போடும் வேகமும் அதே வேகம், சொற்கள் மட்டும் நெருங்கி வரும். அந்த வரிகளுக்குள்தான் ‘குருகுஹ’ என்ற தீட்சிதரின் முத்திரையும், ராகத்தின் பெயரும் பொதிந்து கிடக்கின்றன.

எதுகையையும் கவனியுங்கள். பல்லவியின் முதல் சொல்லில் இரண்டாம் எழுத்து ‘தா’. அனுபல்லவியின் முதல் சொல்லிலும் இரண்டாம் எழுத்து ‘தா’. சரணத்துக்கு வந்ததும் அது ‘ரா’ என்று மாறி, பின்வரும் அடிகள் பலவற்றில் அந்த ரகரம் அதே இடத்தில் வந்து நிற்கும். வெண்பா படித்தவர்களுக்கு இது புதிதல்ல. வடமொழிப் பாட்டுதான், ஆனால் காவிரிக்கரைக் காது கேட்டு எழுதியது.

பிள்ளைகள் எங்கே தவறுகிறார்கள் என்றால், சொல் பிரிவதில்தான். ஒரு சங்கதி நீளமாக இருந்தால் மூச்சு போதாமல் சொல்லின் நடுவில் நிறுத்திவிடுவார்கள். பல்லவியின் ஒரே வரியைக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்துப் பாடும் அந்தச் சங்கதிகள், சொல்லை அழகுபடுத்த வந்தவை. சொல்லை வெட்ட வந்தவை அல்ல. இன்னொரு தவறு நம் எழுத்தினால் வருவது. தமிழில் ஒரே ‘ப’ என்பதால், வழிபடுகிறேன் என்ற பொருள் தரும் அந்த வினைச்சொல்லைப் பிள்ளைகள் வல்லெழுத்தாக உச்சரித்துவிடுகிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது: எல்லோரும் பள்ளியில் இந்தி படிக்கிறார்கள். அதனால் வடமொழிச் சாகித்யம் என்றால் தமிழில் ஒரு முறையும் நாகரியில் ஒரு முறையும் எழுதச் சொல்கிறேன். வீட்டில் நீங்கள் சோதிக்க விரும்பினால் மெட்டு இல்லாமல் பாட்டை வசனமாகச் சொல்லச் சொல்லுங்கள். எந்தச் சொல் எங்கே முடிகிறது என்று தெரியாமல் தடுமாறினால், பாடும்போது எவ்வளவு இனிமையாகக் கேட்டாலும் பாட்டு இன்னும் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிருதி எதற்காக என்பதும் இதிலிருந்தே விளங்கும். ஒரு பொருளைச் சொற்களில் வைத்து, அந்தச் சொற்களின் வழியாக ஒரு ராகத்தை முழுதாகக் காட்டுவதற்காக. கச்சேரியில் பெரிய வித்வான்கள் கிருதியின் ஒரு வரியை எடுத்துக்கொண்டு நிரவல் பாடுகிறார்களே, அனுபல்லவியிலோ சரணத்திலோ பொருள் செறிந்த ஒரு வரியைத் தேர்ந்து அதே சொற்களைப் புதிது புதிதான மெட்டில் நிரவிக்கொண்டே போவது, அது கிருதியில் முடியும். நிரவுவதற்குப் பொருள் வேண்டும். தில்லானாவின் ஜதி வரியை யாரும் நிரவல் செய்வதில்லை. இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால்கூடப் போதும்.

கீர்த்தனை என்ற சொல்லையும் பஜாரில் எல்லோரும் கிருதிக்கே பயன்படுத்துகிறோம், அதில் பெரிய குற்றமில்லை. நுட்பமாகப் பார்ப்பவர்கள், பல சரணங்கள் ஒரே மெட்டில் வரும் எளிய பக்திப் பாடலைக் கீர்த்தனை என்றும், சங்கதிகளோடு இசை செறிந்து வருவதைக் கிருதி என்றும் பிரிப்பார்கள். விழாவில் எல்லோரும் கூடிப் பாடத் தகுந்தது முதல் வகை.

இப்போது தில்லானா. நம் மாடியறைக்குக் கீழே துணிக்கடை வைத்திருக்கும் வங்காளிப் பெரியவர், பிள்ளைகள் தில்லானா பாடும்போது மட்டும் மாடிப்படி ஏறி வந்து வாசலில் நிற்பார். மற்றப் பாட்டுகளுக்கு வரமாட்டார். “இது எங்கள் தரானாதானே” என்று இந்தியில் கேட்பார். அவர் சொல்வது சரி. வடக்கே தரானா என்று பாடப்படுவதும் நம் தில்லானாவும் உறவுக்காரர்கள். தமிழும் தெலுங்கும் வடமொழியும் தெரியாத அவருக்கு நம் கிருதி மூடிய வீடு. தில்லானாவில் அவர் தாராளமாக உள்ளே வந்து உட்காருகிறார். ஏனென்றால் அதன் பெரும்பகுதியில் அகராதியில் இருக்கும் சொல்லே கிடையாது. தீம், தன, திரன, நா, தக, திமி, தொம் என்பவை எல்லாம் ஒலிகள். சில மிருதங்கத்திலிருந்து வந்தவை, சில நட்டுவனாரின் வாயிலிருந்து வந்தவை, சில தானம் பாடும்போது வரும் அசைகள். இடையிடையே ச ரி க ம என்று சுரங்களும் வரும்.

“இதுக்கு என்ன அர்த்தம் டீச்சர்?” என்று நீங்கள் கேட்கும்போது, அர்த்தம் இல்லை என்று நான் சொல்வதில்லை. அது அடுத்த சொல்லைச் சுட்டவில்லை, அடுத்த அடியைச் சுட்டுகிறது. ‘தகதிமி’ என்றால் நான்கு. ‘தகிட’ என்றால் மூன்று. கால் எங்கே விழ வேண்டும், எவ்வளவு நேரம் காற்றில் இருக்க வேண்டும் என்று அந்த ஒலி சொல்கிறது. தில்லானா பிறந்து வளர்ந்தது ஆட்டத்தோடு. தஞ்சை நால்வர் என்று அறியப்படும் பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சதிர்க் கச்சேரியின் வரிசையை ஒழுங்குபடுத்தியபோது, அலாரிப்பில் தொடங்கும் அந்த வரிசையின் கடைசியில் தில்லானாவை நிறுத்தினார்கள். வர்ணத்திலும் பதத்திலும் ஜாவளியிலும் ஆடுபவள் சொல்லுக்குச் சொல் அபிநயம் பிடித்து முடித்திருப்பாள். இப்போது அவள் கண்ணுக்கும் கைக்கும் கதை சொல்லும் வேலை குறைவு. உடம்பு முழுவதும் தாளமாக வேண்டும். அந்த வேலைக்குப் பொருள் நிறைந்த வரிகள் இடைஞ்சல்தான்.

ஆகவே தில்லானாவில் பல்லவி எடுப்பதும் ஒரு செய்தி அல்ல, ஒரு கணக்கு. ஜதிகளால் ஆன அந்த வரியைப் பாடகர் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டே இருப்பார். அதே வரிதான், கொஞ்சமும் மாறாது. அதன்மேல் நடனமணி அடவுக் கோர்வைகளை மாற்றி மாற்றி அடுக்குவாள். அனுபல்லவியும் ஜதிகளாகவே வரும், சற்று மேல் ஸ்தாயியில். சில தில்லானாக்களில் தனி அனுபல்லவியே இருக்காது. சரணத்தில்தான் முதன்முறையாகச் சொற்கள் எட்டிப் பார்க்கும். இரண்டு வரியோ நான்கு வரியோ சாகித்யம். யாராவது ஒரு தெய்வத்தையோ, பழைய தில்லானாக்களில் ஆதரித்த அரசரையோ போற்றி, இயற்றியவரின் முத்திரையையும் சேர்த்துவிட்டு, அந்த வரி மறுபடி ஜதிக்குள் குதித்துவிடும். நடனமணி அந்தச் சில வரிகளுக்கு மட்டும் கொஞ்சம் அபிநயம் காட்டிவிட்டு நிருத்தத்துக்குத் திரும்பிவிடுவாள்.

வித்தியாசம் இப்போது வெளிச்சமாகிறது. கிருதியில் மூன்று உறுப்புகளும் சொற்களால் நிறைந்து, பொருள் படிப்படியாக வளர்கிறது. தில்லானாவில் பொருள் சரணத்தில் சிறிது நேரம் வந்து போகிறது. நாகஸ்வரக்காரர் கிருதி வாசிக்கும்போது தெரிந்தவர்கள் மனதுக்குள் சாகித்யத்தைப் பாடிக்கொண்டே கேட்பார்கள். வார்த்தை அங்கே மறைந்து நிற்கிறது. அவரே தில்லானா வாசிக்கும்போது அப்படி ஒரு குறையே தெரியாது. 1968-இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நாகஸ்வரமும் சலங்கையும் மோதிக்கொள்வதாக ஒரு கதையைக் கொத்தமங்கலம் சுப்பு எழுதினார் என்றால், அந்த மோதலுக்குக் களமாகத் தில்லானாவைத் தேர்ந்தது காரணமில்லாமல் அல்ல.

சரி, சொல் இழுக்காவிட்டால் தில்லானா ஏன் பல்லவிக்குத் திரும்புகிறது? கணக்கு இழுக்கிறது. நம் வகுப்பில் நான் பயிற்சிக்காகக் கட்டிக் கொடுத்த ஒரு சிறு முடிவையே வைத்துச் சொல்கிறேன். இதை விரல்விட்டே நீங்கள் சரிபார்க்கலாம்.

ஆதி தாளம் எட்டு அட்சரம். ஒரு தட்டு, பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல் என்று மூன்று எண்ணிக்கை, பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. ஒவ்வொரு அட்சரத்துக்கும் நான்கு மாத்திரை என்று வைத்தால் ஒரு ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை. ‘தகதிகிணதொம்’ என்ற சொல் ஆறு மாத்திரை. அதை மூன்று தடவை சொன்னால் 18. ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் ஒரு மாத்திரை மௌனம், அதாவது கார்வை. மூன்று சொல்லுக்கு நடுவில் இடைவெளி இரண்டு, ஆக 18 உடன் 2 சேர்த்து 20 மாத்திரை, ஐந்து அட்சரம். எட்டில் ஐந்து போனால் மூன்று. ஆகவே முதல் மூன்று அட்சரம் தில்லானாவின் வரியைப் பாடிவிட்டு, நான்காவது அட்சரத்தில், நடு விரல் மடங்கும் அதே நொடியில் முதல் ‘தகதிகிணதொம்’ தொடங்க வேண்டும். மூன்றாவது ‘தொம்’ முடிந்ததும் கை தானாகத் தட்டில் விழும். அந்தத் தட்டில்தான் பல்லவியின் முதல் ‘தீம்’.

இந்தக் கணக்கில் பிள்ளைகள் விழும் பள்ளம் ஒன்றே ஒன்று. அந்த இரண்டு கார்வைகளையும் விழுங்கிவிடுவார்கள். வாய் பேசாத இடத்தில் பொறுத்திருப்பது பத்து வயதுக் குழந்தைக்கு எளிதல்ல. விழுங்கினால் 20 மாத்திரை 18 ஆகிவிடும், பல்லவி அரை அட்சரம் முந்தி வந்துவிடும். கை இன்னும் வீச்சில் இருக்கும், வாய் ‘தீம்’ சொல்லிவிட்டிருக்கும். கெட்டிக்காரப் பிள்ளை உடனே அந்த ‘தீம்’ஐ நீட்டி இடைவெளியை மூடிவிடும். பாட்டு மட்டும் கேட்டால் உங்களுக்குத் தெரியாது. கையைப் பாருங்கள். ‘தீம்’ என்று சொல்லும்போது உள்ளங்கை தொடையில் இருக்கிறதா, காற்றில் இருக்கிறதா என்பது மட்டும் போதும். ஆட்டத்திலோ மறைக்கவே முடியாது. கால் தரையில் முந்தி விழுந்த சத்தம் கடைசி வரிசைவரை கேட்கும்.

எல்லாத் தில்லானாக்களின் பல்லவியும் தட்டிலேயே தொடங்குவதும் இல்லை. தட்டுக்கு அரை அட்சரம் தள்ளித் தொடங்கும் தில்லானா என்றால் முடிவும் அதற்கு ஏற்ப இரண்டு மாத்திரை தள்ளிப் போய்ச் சேர வேண்டும். ஒரு தில்லானாவுக்குப் பழகிய கோர்வையை இன்னொன்றில் அப்படியே ஒட்ட முடியாது என்பது இதனால்தான்.

இந்தக் கணக்கின் எல்லை எதுவரை போகும் என்பதற்கு மகா வைத்தியநாத அய்யர் கானடா ராகத்தில் செய்த தில்லானா ஒரு சான்று. அவர் 1844-இல் பிறந்து 1893-இல் மறைந்தவர். அந்தத் தில்லானா சிம்மநந்தன தாளத்தில் அமைந்தது. அந்தத் தாளத்தின் ஒரு ஆவர்த்தனம் 128 அட்சரம். நம் ஆதி தாளம் பதினாறு முறை சுற்றி வந்தால்தான் அது ஒரு முறை முடியும். தாளத்தின் நீளமே பாட்டின் விஷயமாகிவிடுகிறது. வேறொரு பக்கம், சுவாதித் திருநாள் தனஸ்ரீ ராகத்தில் இயற்றிய தில்லானாவைக் கேளுங்கள். அவர் 33 வயதில், 1846-இல் மறைந்த திருவிதாங்கூர் அரசர். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அவருடைய அவையில்தான் இருந்தார். அந்தத் தில்லானாவில் சாகித்யம் வடநாட்டு மொழியில் வருகிறது. பத்மநாபனின் முன் ஆட்டமும் வாத்தியமும் முழங்குவதைச் சொற்களே விவரிப்பதால், சொல்லுக்கும் ஜதிக்கும் நடுவிலுள்ள வேலி அந்தப் பாட்டில் மெலிந்துவிடுகிறது. கீழ்க்கடைப் பெரியவருக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

ஆட்டத்திலிருந்து கச்சேரி மேடைக்கு வந்தபோதும் தில்லானா கடைசி இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. முதலில் வர்ணம், பிறகு கிருதிகள், நடுவில் ஒரு பெரிய கிருதியோ ராகம் தானம் பல்லவியோ, தனி ஆவர்த்தனம், பிறகு சிறு உருப்படிகள், முடிவில் தில்லானா, மங்களம். இரண்டு மணி நேரம் கிருதிகளின் பொருளிலும் ராகத்திலும் ஆழ்ந்திருந்தவர்களின் மனம் அப்போது கேட்பது ஓட்டத்தை. அந்த இடத்துக்கு லால்குடி ஜெயராமனும் பாலமுரளிகிருஷ்ணாவும் நம் காலத்திலேயே எத்தனையோ தில்லானாக்களைச் செய்து தந்திருக்கிறார்கள். லால்குடியின் தில்லானாக்களை இன்று பாடகர்களும் பாடுகிறார்கள், நடனமணிகளும் ஆடுகிறார்கள், வயலினிலும் வாசிக்கிறார்கள்.

உங்களில் இரண்டு மூன்று பேர் பங்குனி உத்திரத்துக்கு வெற்றிமலை முருகன் கோயிலில் பிள்ளைகளைப் பாட வைக்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள். பத்து நிமிடம் கிடைத்தால் தில்லானா ஒன்று மட்டும் போதும், கூட்டம் ரசிக்கும் என்கிறீர்கள். ரசிக்கும், சந்தேகமில்லை. ஆனால் காவடி எடுத்து வெயிலில் நடந்து வந்து சன்னதிக்கு முன் உட்காருபவர்களுக்கு முருகனைப் பற்றிய ஒரு தமிழ்க் கிருதியை, சொல் தெளிவாக, பல்லவிக்கு வந்து பொருள் முடியும்படி பாடுவதுதான் முறை என்று நினைக்கிறேன். ஆறு நிமிடம் கிருதி, மூன்று நிமிடம் தில்லானா. பாபநாசம் சிவன் நமக்கு வேண்டிய அளவு தமிழில் எழுதி வைத்திருக்கிறார். பரத வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் இதற்கு நேர்மாறாக, கிருதியையே ஆடி நிகழ்ச்சியை முடித்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கிருதிக்கு ஆடலாம், அபிநயத்துக்கு அது நல்ல களம். ஆனால் அதை நடுவில் வையுங்கள். வேகமாக ஆட வேண்டும் என்பதற்காகக் கிருதியின் காலப்பிரமாணத்தை ஏற்றிவிட்டால் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, அபிநயம் பிடிக்க நேரமில்லாமல் பிள்ளை கையை மட்டும் ஆட்டிக்கொண்டு நிற்கும். போன வருடம் நம் வகுப்பிலேயே அப்படி நடந்தது, வேகத்தைக் கூட்டச் சொன்னவளும் நான்தான்.

போட்டியில் அழுதுவிட்டு வந்த பிள்ளைக்கு ஒன்று சொல்லியிருக்கிறேன். அடுத்த போட்டி விண்ணப்பத்தில் கிருதி என்று இருந்தால் ஹம்ஸத்வனி. உருப்படி என்று பொதுவாக இருந்தால் அவள் விருப்பம், தில்லானாவே பாடலாம். இரண்டுக்கும் இரண்டு விதமாகத் தயாராக வேண்டும். வரும் சனிக்கிழமை எல்லாப் பிள்ளைகளும் பாட்டு நோட்டில் கிருதி எழுதிய பக்கத்தைத் திறந்து, சரணத்தின் கடைசிச் சொல்லுக்குப் பிறகு பல்லவியின் முதல் வரியை மறுபடி எழுதி, முழுத் தொடருக்கும் தமிழில் பொருள் எழுதிக்கொண்டு வரட்டும். தில்லானா பக்கத்தில் பொருள் எழுத வேண்டாம். ஒவ்வொரு சொல்லின் கீழும் மாத்திரை எண்ணை எழுதி, கார்வை வரும் இடத்தில் ஒரு கால்புள்ளி வைத்து, கூட்டினால் 32 வருகிறதா என்று பார்க்கட்டும். கூட்டலில் நீங்கள் உதவலாம். தாளம் மட்டும் அவர்களே போடட்டும்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளின் பாட்டு டீச்சர்
அபர்டீன் பஜார், போர்ட் பிளேர்